பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில்

கால்நடை மருத்துவர் வேலைக்கு ஒரு பயோடேட்டா எழுதுவது இத்தனை குழப்பமான காரியம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், நான் பேசாமல் பி.காம். படித்திருப்பேன். சின்ன வயதில் மார்க் குறைந்த போதெல்லாம் "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று அப்பா திட்டுவார். கடைசியில் மாட்டுக்கு ஊசி போடத்தான் லாயக்கு என்று ஆனது. அதையாவது உருப்படியாகச் செய்தேனா என்பதுதான் அந்தப் பயோடேட்டா என்னைக் கேட்ட கேள்வி.

அப்போது ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்லப்பிராணி கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி இன்ஜினியர்களின் லேப்ரடார்கள், வாடகை அறையில் மூன்று பையன்கள் சேர்ந்து வளர்க்கும் ஒற்றைப் பூனை, ஒரு கொரிய மேலாளர் வீட்டுச் சுருட்டை முடி நாய். அந்த நாய்க்கு என் தமிழும் புரியாது, என் ஆங்கிலமும் புரியாது. ஒருநாள் கட்டட உரிமையாளர் வந்து, மாடி கீழே இரண்டையும் சேர்த்து ஆண்கள் ஹாஸ்டலாக மாற்றப் போவதாகச் சொன்னார். நான் காலி செய்வதற்கு முன்பே இரும்புக் கட்டில்கள் வந்து இறங்கிவிட்டன. கிளினிக்கை நடத்திய சீனியர் டாக்டர், வேறு இடம் பார்க்க மனமில்லை என்று சொந்த ஊருக்கே கிளம்பிவிட்டார். மாதக் கடைசிக்குள் எனக்கு வேறு வேலை வேண்டும்.

வேலை இருந்தது. வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு தனியார் பால் பண்ணை. எனக்கு மாட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை இரண்டு வருஷமாக உள்ளே கிடந்தது. யாரிடமும் சொன்னதில்லை. விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

விளம்பரத்தின் கீழே கறாராக ஒரு குறிப்பு இருந்தது. சிகிச்சை அளித்த விலங்கினங்கள், செய்த அறுவை சிகிச்சைகள், பண்ணை அல்லது கிளினிக் அனுபவம், கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு விவரம், நடத்திய தடுப்பூசித் திட்டங்கள், இவை ஐந்தும் இல்லாத பயோடேட்டா பார்க்கப்படாது.

முதல் தலைப்பிலேயே முட்டிக்கொண்டேன். விலங்கினங்கள். நாயை முதலில் எழுதுவதா, மாட்டை முதலில் எழுதுவதா? கடைசி இரண்டு வருஷம் நாயும் பூனையும். அதற்கு முன்பு இரண்டு வருஷம் ஒப்பந்தத்தில் கால்நடை ஆம்புலன்ஸ் வேலை. ஒரு வண்டி, ஒரு ஓட்டுநர், ஒரு உதவியாளர், நான். ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிராமத்திலிருந்து அழைப்பு வந்தாலும் போவோம். அதில் மாடு, ஆடு, கோழி, ஒரு தடவை கோயில் மயில் ஒன்றும் உண்டு. மயிலை எழுதலாமா? கால் ஒடிந்த மயிலுக்குக் கட்டுப் போட்டு வனத்துறையிடம் ஒப்படைத்தோம், அவ்வளவுதான். எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன்.

தடுப்பூசியில் இன்னொரு சிக்கல். "நடத்திய" திட்டங்களாம். கோமாரி ஊசி முகாமில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போயிருக்கிறேன். ஊசி போட்டால் இரண்டு நாள் பால் குறையும் என்று மாட்டைக் கொல்லைக்குப் பின்னால் மறைத்துக் கட்டியவர்களிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். கிடேரிக் கன்றுகளுக்குக் கன்றுவீச்சு நோய் ஊசி, ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய் ஊசி, கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி எல்லாம் போட்டிருக்கிறேன். ஆனால் தேதி குறித்தது மேலிடம், ஊரைத் திரட்டியது கால்நடை ஆய்வாளர். முகாமை நான் நடத்தினேனா, முகாம் என்னை நடத்தியதா?

இந்த வட்டாரத்தில் பயோடேட்டா என்றால் எல்லாரும் போகிற இடம் ஒன்று உண்டு. கூட்டு ரோட்டில் ஜெராக்ஸ் கடை. ஐ.டி.ஐ., டிப்ளமோ பையன்கள் வரிசையில் நிற்பார்கள். கடைக்காரர் பெயரை மட்டும் மாற்றிப் போட்டு ஆளுக்கொன்று எடுத்துக் கொடுப்பார். என் காகிதத்தை வாங்கிப் பார்த்தவர் மேலும் கீழும் என்னைப் பார்த்தார்.

"மேடம், 'கையாண்ட மெஷின்கள்'னு ஒரு எடம் கீது. அங்க மாடு, ஆடு எல்லாம் போட்டுக்கலாமா?"

"போடுங்க."

"'ஒரு ஷிப்ட்டுக்கு எவ்ளோ'ன்னு கேக்குது."

"மாட்டுக்கு ஷிப்ட் ஏதுங்க?"

"அத்த காலியா வுடக் கூடாது மேடம். எச்.ஆர். காலியா இருந்தா தூக்கிப் போட்ருவான்." அவரே யோசித்து, "தேவைக்கேற்ப" என்று அடித்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக, நான் ஏதோ மாடு தயாரிக்கும் தொழிற்சாலையில் லைன் இன்சார்ஜ் மாதிரி அந்தத் தாளில் தெரிந்தேன். பணத்தைக் கொடுத்துவிட்டு அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் போனிலேயே அடித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில்தான் எல்லா வினையும் வந்தது.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைத் திணறடித்தது அறுவை சிகிச்சை என்ற தலைப்பு. நாய்களில் கவலையில்லை. கருத்தடை, கர்ப்பப்பைச் சீழ், கட்டி, எல்லாம் கை பழகிய வேலை. மாட்டில் கொம்பு எடுத்தது, தொப்புள் குடலிறக்கம் தைத்தது, படிக்கும்போது சிசேரியனில் கூட நின்றது, இவையும் சரி. தனியாக நானே தலைமை ஏற்றுச் செய்த பெரிய ஆபரேஷன் ஒன்றே ஒன்று. பெருவயிற்றைத் திறந்து உள்ளே சிக்கியதை எடுப்பது. பால் பண்ணைக்காரர்கள் முதலில் தேடப்போவதும் அதைத்தான். அந்த மாடு பிழைத்ததா செத்ததா என்று எனக்குத் தெரியாது.

வடக்குப்பட்டில் நடந்தது அது. சுற்றிலும் கம்பெனிகள் வந்த பிறகு இங்கே மாடுகள் மேய்வது காலி மனைகளில். புல்லோடு சேர்த்து பேக்கிங் பட்டை, பிளாஸ்டிக் உறை, கம்பித்துண்டு எல்லாம் உள்ளே போகும். மாடு மென்று பார்த்து ஆராய்ந்து சாப்பிடும் பிராணி அல்ல. அப்படியே விழுங்கிவிட்டு, பிறகுதான் ஆற அமர அசை போடும். விழுங்கிய கம்பி இரண்டாம் வயிற்றில் தங்கும். அங்கிருந்து இதயம் ரொம்பத் தூரமில்லை.

ஒரு செவலை நிறக் கலப்பின மாடு, சினையாக இருந்தது. பல நாளாகத் தீவனம் எடுக்கவில்லை, அசை போடவில்லை, வயிறு உப்பி உப்பி வடிந்தது, நடந்தால் முனகியது. கழுத்து ரத்தக்குழாய் லேசாகப் புடைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. இதயத்தின் உறை வரை கம்பி குத்தியிருந்தால் வயிற்றைத் திறந்தும் பிரயோஜனமில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். வண்டியில் ஏற்றினால் வழியிலேயே போய்விடும் என்று மாட்டுக்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பதைத் தாண்டிய பெண். வீட்டுக்காரர் கம்பெனி கேன்டீனில் வேலை. நிலம் போன பிறகு மிஞ்சியிருந்தது அந்த ஒரு மாடு. "நீயே பண்ணு டாக்டரம்மா, உன் கையில வுட்டுட்டேன்" என்றார்.

வேப்பமரத்தடியில் நிற்க வைத்தே செய்தேன். இடது விலாவில் ஒரு முழ அகலத்துக்கு முடி மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, தோலையும் சதையையும் கடந்து, பெருவயிற்றை வெளியே இழுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்துவிட்டு, அப்புறம் அதைத் திறந்தேன். தோள்பட்டை வரை கையை உள்ளே விட்டால் பேக்கிங் பட்டைகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. கடைசியாக இரண்டாம் வயிற்றின் தேன்கூட்டுச் சுவரைத் தடவியபோது விரல் நுனியில் கம்பி தட்டியது. மெதுவாக உருவினேன். நடுவில் ஒரு தடவை மாடு திரும்பி என்னை மரத்தோடு சேர்த்து நெருக்கிவிட்டது. உதவியாளர் பதறி இழுத்தார். ஒன்றுமில்லை என்று சொல்லித் தைத்து முடித்தேன். மறுநாள் போய் மருந்தும் குளுக்கோஸும் ஏற்றினேன். மாடு தலையைத் தொங்கப் போட்டு நின்றது.

அதற்கடுத்த நாள் காலையில் எனக்கு ரத்தப்போக்கு. அதுவரை கர்ப்பமாக இருக்கிறேன் என்றே தெரியாது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள், எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். வேலையை விட்டேன். வண்டிக்கு வேறு டாக்டர் வந்தார், சில வாரத்தில் உதவியாளரும் வேறு வண்டிக்குப் போனார். பையன் பத்திரமாகப் பிறந்தான். அவன் ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போது அந்த வழியாக ஸ்கூட்டரில் போனேன். வேப்பமரம் இல்லை, கொட்டகை இல்லை, நீளமாக ஒரு குடோன் சுவர். நின்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. செத்துவிட்டது என்று என் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

இப்போது சொல்லுங்கள், இதை எழுதலாமா கூடாதா?

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. எங்கள் ஊர்ப்பக்கப் பேச்சு அவருக்கு இன்னும் மாறவில்லை.

"ஏட்டி, எங்க லைன்ல பாஸ் ஆன பீஸைத்தான் கணக்குல எடுப்போம். ரிஜெக்ட் ஆனது தனி. மாடு செத்துருந்தா அது ரிஜெக்டு."

"செத்துச்சுன்னு தெரியாதுங்க."

"அப்பம் எழுது."

"பொழச்சுதுன்னும் தெரியாதே."

"அப்பம் எழுதாத." அவர் சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டாம் ஷிப்ட்டுக்குக் கிளம்பினார். இப்படிப்பட்ட ஆலோசனைக்கு நான் சுவரிடமே பேசியிருக்கலாம். கூடப் படித்த தோழியைப் போனில் கூப்பிட்டால், "செய்த ஆபரேஷன்னுதானடி கேட்டிருக்கான், ஜெயிச்ச ஆபரேஷன்னா கேட்டான்?" என்று சிரித்தாள். அது நியாயமாகவும் பட்டது, பித்தலாட்டமாகவும் பட்டது. யார் சொன்னாலும் சரியாகத் தோன்றுவதுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்த வியாதி.

ஒரு வழி தோன்றியது. மாட்டுக்குக் காதில் மஞ்சள் தோடு போட்டிருப்பார்கள், பன்னிரண்டு இலக்க எண்ணோடு. தடுப்பூசி, சினை ஊசி, எல்லாம் அந்த எண்ணில்தான் ஏறும். ஆபரேஷன் நாளில் அந்த எண்ணைப் போனில் குறித்து வைத்திருந்தேன். அதைக் காப்பி செய்து, அந்தப் பக்கம் அப்போது வேலை பார்த்த கால்நடை ஆய்வாளருக்கு அனுப்பினேன். "சார், இந்த மாடு இருக்கா?" என்று கேட்டேன். அவர் நம்பரை மாற்றிவிட்டார் போலும். ஒற்றை டிக்கோடு அந்தச் செய்தி அப்படியே நின்றது.

கடைசி நாள் வந்துவிட்டது. மடியில் பையன், ஒரு கையில் போன். விலங்கினங்களில் மாட்டை முதலில் போட்டேன், மயிலை விட்டுவிட்டேன். தடுப்பூசியில் "நடத்திய" என்பதைத் தவிர்த்து "பங்கேற்ற" என்று போட்டேன். பெருவயிற்று அறுவை சிகிச்சை என்று எழுதி, பக்கத்தில் ஒன்று என்று போட்டு, அதை அழித்து, மறுபடி போட்டு, கடைசியில் மொத்த வரியையும் நீக்கிவிட்டேன். கவுன்சில் பதிவு எண்ணைச் சான்றிதழ் படத்திலிருந்து காப்பி செய்து ஒட்டினேன். ஒட்டியதாக நினைத்தேன். பையன் போனைப் பிடுங்கினான். அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அழைப்பு வந்தது. பண்ணையின் தலைமை மருத்துவர். அரசு வேலையில் ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டார்.

"அம்மா, காதுல கம்மல் போட்டிருக்கீங்களா?"

ராங் நம்பர் என்று நினைத்து வைக்கப் போனேன்.

"வெக்காதீங்க. பால் பண்ணையிலேர்ந்து பேசறேன். உங்க கவுன்சில் பதிவு எண்ணுன்னு பன்னிரண்டு இலக்கம் போட்டிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சு நம்ம கவுன்சில் இவ்வளவு பெரிய நம்பர் குடுக்கறதில்ல. இது மாட்டுக் காதுல மாட்டற நம்பர்."

எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. ஆய்வாளருக்கு அனுப்பக் காப்பி செய்த எண், என் பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. எந்த நாய் டாக்டரும் செய்ய மாட்டாள் இந்தத் தப்பை. எந்த மாட்டு டாக்டருக்கும் வேலை கொடுக்க விடாது இந்தத் தப்பு. மன்னிப்புக் கேட்டு, சரியான எண்ணை அனுப்புவதாகச் சொன்னேன்.

"அது அப்புறம். நாற்பது வருஷத்துல மாட்டோட நம்பரைத் தன் நம்பரா எழுதின ஆள நான் பார்த்ததில்ல. யாருடா இதுன்னு, டிஸ்பென்சரியில இருக்கற என் பழைய மாணவனை விட்டுத் தேடச் சொன்னேன். வடக்குப்பட்டு. செவலை, கலப்பின ஜெர்சி. உங்களுக்கு என்ன சம்பந்தம்?"

"உயிரோட இருக்கா சார்?"

எதிர்முனையில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "போன கோமாரி சுற்றுல ஊசி போட்டதா ஏறியிருக்கு. ஏன் கேக்கறீங்க?"

நான் உளறினேன். பேக்கிங் பட்டை, கம்பி, வேப்பமரம், ரத்தப்போக்கு, குடோன் சுவர், எல்லாம் முன்பின்னாக வந்தன. அவருக்குத் தலையும் புரிந்திருக்காது, வாலும் புரிந்திருக்காது. முடித்ததும் அவர், "நாளைக்குக் காலையில அந்த மாட்டைப் போய்ப் பார்ப்போம். இன்டர்வியூவை அங்கேயே வெச்சுக்கலாம்" என்றார்.

இது வேலை கொடுக்கவா, மானத்தை வாங்கவா? ராத்திரி முழுக்க அதே யோசனை. மாடு உயிரோடு இருக்கிறது என்று முழுசாக நம்பவும் முடியவில்லை. முகாம் பரபரப்பில் ஓர் இலக்கம் மாறினால் ஒரு மாட்டின் ஊசி இன்னொரு மாட்டுக் கணக்கில் ஏறிவிடும். நானே எத்தனையோ தடவை மாற்றிப் போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். எண் உயிரோடு இருக்கிறது என்பதற்காக மாடும் இருக்கிறது என்று அர்த்தமா?

மறுநாள் அவர் தன் காரில் வடக்குப்பட்டு முனையில் நின்றார். ஒல்லியான மனிதர், காலில் ரப்பர் பூட்ஸ். விசாரித்துக்கொண்டு போனோம். குடோனுக்குப் போன இடத்தை விட்டுவிட்டு, ஏரிக்கரைக்குப் பின்னால் மாட்டுக்காரம்மாவின் கொழுந்தனார் வீட்டுக் கொல்லையில் மாட்டைக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவ்வளவுதான் விஷயம். நான் மட்டும் அன்றைக்கு ஸ்கூட்டரை நிறுத்திப் பேசியிருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

கொல்லையில் செவலை ஒன்று கட்டியிருந்தது, கொழுத்துப் போய். பக்கத்தில் அதே நிறத்தில் ஒரு கிடேரி. மாட்டுக்காரம்மா வீட்டில் இல்லை, கடைக்குப் போயிருந்தார். தலைமை மருத்துவர் மாட்டின் காதைப் பிடித்து எண்ணைப் படித்தார். அவர் கையில் காகிதம் இருந்தது. எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை. அவர் படிக்கப் படிக்க நான் உள்ளுக்குள் கூடவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சரி, நீங்க செஞ்சதுன்னு எப்படி நம்பறது?" என்றார்.

"இடது விலா சார். பசிக்குழிப் பள்ளத்துல நெட்டுக்குத் தழும்பு இருக்கணும்."

நான் இடப்பக்கம் போகக் கால் எடுத்து வைத்தேன். மாடு சட்டென்று உடம்பை வளைத்து, கயிறு அறுந்துவிடும் போல இழுத்து, பின்னங்காலை வீசியது. நான் சாணியில் வழுக்கி உட்கார்ந்தேன். மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு கேவலமான இன்டர்வியூ எதுவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தபோது, முடிக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. கொஞ்சம் கோணல். கடைசி மூன்று தையல் அவசரத்தில் போட்டது, எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அழுகை வந்தது. சாணியில் உட்கார்ந்தபடியே அழுதேன்.

"அது லெஃப்டு பக்கம் யாரையும் வுடாது" என்று பின்னால் குரல். "யாரு நீங்க? ஊசி போட வந்தவங்களா?"

மாட்டுக்காரம்மா. கையில் பால் தூக்கு. நான் எழுந்து திரும்பினேன். அவர் என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை, பிறகு தெரிந்தது. தூக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"டாக்டரம்மா? நீ..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். என் முகத்தை விட்டுவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மாடு செத்துடுச்சுன்னு நெனச்சேம்மா. கொட்டகையக் காணோம், அதான்..." என்றேன்.

"மாட்டுக்கு இன்னா, அது ஒரு வாரத்துல எய்ந்து தின்ன ஆரம்பிச்சுது. புதுசா வந்த டாக்டரு தையல் பிரிச்சாரு. தோ நிக்கிது பாரு, அன்னிக்கி வயித்துல இருந்த கண்ணுதான் இந்தக் கிடேரி." அவர் அதைச் சொல்லிக்கொண்டே இன்னும் கிட்டே வந்தார். "உன்கூட வருவாரே அந்த ஆளு சொன்னாரு, உனக்கு ரத்தமா போவுது, ஆஸ்பத்திரில சேத்துகீறாங்கன்னு. முழுவாம இருந்தியாமே. எம் மாடுதான உன்ன மரத்தோட வெச்சு நசுக்குச்சு?"

"ஐயோ, அதனால இல்லம்மா..."

"எனக்கு எப்டித் தெரியும்? அப்புறம் அந்த ஆளும் வர்ல. ஊசி போட வர்ற டாக்டருங்களாண்ட கேக்கலாம்னு போவேன். வாய் வராது. கெட்டதா ஏதாச்சும் சொல்லிட்டாங்கன்னா? எம் மாடு பொயச்சு நிக்கிது, அந்தப் பொண்ணு கொயந்த போயிட்ச்சுன்னு சொன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

நான் அந்தக் குடோன் சுவருக்கு முன்னால் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போன அதே காலத்தில், இந்தப் பெண் ஒவ்வொரு முகாமிலும் மாட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, கேட்காமல் திரும்பியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே பயத்தைத்தான் பயந்திருக்கிறோம். நான் மாட்டுக்காக, அவர் எனக்காக.

போனை எடுத்துப் பையன் படத்தைக் காட்டினேன். அவசரத்தில் இரண்டு படம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தேன். மூன்று சக்கர சைக்கிளில் உட்கார்ந்து வாயெல்லாம் பிஸ்கட்டாக இருந்தான்.

"இவன்தாம்மா. இவன்தான் அப்போ."

அவர் போனை வாங்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் கையோடு சேர்த்துப் பிடித்துக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எனக்குக் கிடைக்க வேண்டிய திட்டு கிடைத்தது. "ஒரு வார்த்த வந்து சொல்றதுக்கு இன்னா உனுக்கு? எவ்ளோ தூரம் கீது உன் வூடு?"

தலைமை மருத்துவர் இதற்கு நடுவில் நைசாக மாட்டின் வலப்பக்கமாகச் சுற்றிப் போய், எட்டிப் பார்த்துத் தழும்பைக் கண்ணாலேயே அளந்து முடித்திருந்தார். என் பயோடேட்டாவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"அறுவை சிகிச்சையில இத ஏன் எழுதலை?"

"பொழச்சுதான்னு தெரியல சார்."

"எழுதுங்க. ஒன்றுன்னு எழுதுங்க. அந்தக் கடைசித் தையலைப் பத்தி நாம தனியாப் பேசலாம்." பூட்ஸைத் தரையில் தட்டி மண்ணை உதறினார். "ஒண்ணாம் தேதி வந்துடுங்க. வரும்போது உங்க நம்பரைக் கொண்டு வாங்க, மாட்டோடது வேணாம்."

சரி சார் என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்பது மண்டையில் ஏற நேரம் பிடித்தது. அவர் காருக்குப் போன பிறகும் நான் கொல்லையிலேயே நின்றுகொண்டிருந்தேன். மாட்டுக்காரம்மா தூக்கை எடுத்து, மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடினார். செவலையின் நெற்றியில் செல்லமாக ஓர் அடி வைத்தார்.

"இது பொயச்சுதுன்னு எல்லாரும் சந்தோசப்பட்டாங்க டாக்டரம்மா," என்றார். "நான் இன்னிக்கிதான் படறேன்."